நுவரெலியா ஏற்றத்துக்கு சேவ் பட்டன் எங்க அமுக்கிறது, சார்ஜ் பட்டன் எங்க? (அவுட்லாண்டர் பிளக்-இன், 2014)

வத்தளைக் கடற்காற்று

அண்ணாமார், அக்காமார், ஒரு விளக்கம் வேணும். போன வருஷம் யப்பான் ஆள் ஓட்டின 2014 மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிளக்-இன் ஒண்டு வாங்கினன். வீட்டில இரவு சார்ஜ் போட்டு கொழும்புக்குள்ள ஓடுறதுக்கு அருமை. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமலே வேலைக்குப் போய் வாறன்.

பிரச்சினை தூரப் பயணம்தான். டிசம்பரில குடும்பத்தோட நுவரெலியா போனம். அஞ்சு பேர், பின்னுக்கு நிறையச் சாமான். மலைக்கு பற்றரி வேணும் எண்டு நினைச்சு வத்தளையிலேயே சார்ஜ் பட்டனை அமுக்கி, அவிசாவளை, கித்துல்கலை எண்டு வழி முழுக்க அப்பிடியே விட்டன். எஞ்சின் சும்மா நிக்கேக்கையும் இரைஞ்சுகொண்டே இருந்தது. பெற்றோல் முள் விழுந்த விழுகையைப் பார்த்து மனிசி என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

திரும்பி வரேக்க அதைவிட மோசம். ஹோட்டல்காரர் பிளக் தந்தாங்க. இலவசம்தானே எண்டு இரவு முழுக்கப் போட்டு நூறு வீதம் ஏத்திக்கொண்டு விடிய றம்பொடைப் பக்கமா இறங்கினன். மோட்டாராலயே வேகத்தைப் பிடிக்கிற பி5 போட்டும் கார் பிடிக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போச்சு. ரெண்டு மூண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டினதும் பிரேக் கருகின மணம். நிப்பாட்டி அரை மணித்தியாலம் தேத்தண்ணி குடிச்சம்.

ஏப்ரல் சீசனுக்குத் திரும்பப் போறம். பற்றரியில இருக்கிறதை அப்பிடியே வச்சிருக்கிற சேவ், எஞ்சினால பற்றரியை ஏத்திற சார்ஜ், இந்த முறை எந்த இடத்தில எதை அமுக்கோணும்? காலி பக்கம் அதிவேகப் பாதையில ஓடேக்கையும் இதே குழப்பம்தான்.

பெட்போட் மாமா

தம்பி, இதுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. எங்கட அப்பா அந்தக் காலத்தில பெட்போட் லொறியில ஹப்புத்தளையிலிருந்து தேயிலைப் பெட்டி ஏத்திக்கொண்டு இறங்குவார். பெரகலைச் சந்தி தாண்டினதும் எஞ்சினை ஓஃப் பண்ணி நியூட்ரல்ல விட்டா ஹல்தும்முல்லை மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லை. உமது கார் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமலே ஓடுமெண்டா இன்னும் சுகம்தானே. இறக்கத்தில எஞ்சினை ஓஃப் பண்ணிப்போட்டு நியூட்ரல்ல விடும்.

பழைய ஸ்பானர்

மாமா, கோவிக்காதேங்கோ, அதை மட்டும் செய்யச் சொல்லாதேங்கோ. கடற்காற்றின்ர காரில எஞ்சின் ஓஃப் எண்டால் வேற. இந்தக் காரில எஞ்சின் நிண்டாலும் மோட்டார், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் உயிரோடதான் இருக்கும். நியூட்ரல்ல போட்டால்தான் ஆபத்து. மோட்டார் சில்லைப் பிடிக்கிறதை விட்டிடும், பற்றரிக்கும் ஒண்டும் ஏறாது. ரெண்டே கால் தொன் பாரம் முழுக்க பிரேக் பாட்டில வந்து விழும். அப்பாவின்ர லொறி தப்பினது அப்பாவின்ர கெட்டித்தனம்.

கடற்காற்று, உங்கட ரெண்டு பிழைக்கும் வேர் ஒண்டுதான். பற்றரி நிறைஞ்சு இருந்தால் எப்பவும் நல்லது எண்டு நினைக்கிறீங்கள். மலையடியில நிறைய இருக்கோணும் எண்டு வழி முழுக்கப் பெற்றோலை எரிச்சீங்கள். மலை உச்சியில, எங்க காலியா இருக்கோணுமோ அங்க, நிரப்பிக்கொண்டு வந்தீங்கள். நிறைஞ்ச குடத்தில தண்ணி ஊத்த ஏலுமோ? பி5 போட்டால் மோட்டார் ஜெனரேற்றராகி மின்சாரம் தரும், அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லாட்டி கார் அதைத் தயாரிக்காது. தயாரிக்காட்டிப் பிடிப்பும் இல்லை. பழுது ஒண்டுமில்லை, அதின்ர இயல்பே அதுதான்.

மிச்சத்தைப் பின்னேரம் எழுதிறன், கராஜில ஒரு பிரியஸ் வயிறு திறந்தபடி கிடக்கு.

ஹட்டன் அக்வா

நான் டெய்லி ஹட்டன் - நுவரெலியா ஓடுறவன். டொயோட்டா அக்வா ஹைபிரிட் வச்சிருக்கேன். எங்களுக்கு சேவும் கிடையாது சார்ஜும் கிடையாது, ஈவி மோட்னு ஒரு பட்டன் மட்டும் இருக்கு. அதை அமுக்கினா கொஞ்ச தூரம் போயிட்டு தானா விட்டுரும். என்னைக் கேட்டா எதையும் தொடாம டி-ல விட்டு ஓட்டுங்க, கம்ப்யூட்டர் நம்மளைவிட நல்லா பாத்துக்கும்.

ஒண்ணு மட்டும் எனக்கும் புரியல. நுவரெலியாவுல இருந்து நானுஓயா பக்கம் இறங்குறப்ப வேகத்தைப் பிடிக்கிற பி கியர்ல போட்டா கொஞ்ச நேரத்துல பேட்டரி எட்டுக் கட்டையும் நிறைஞ்சிருது. அப்புறம் திடீர்னு எஞ்சின் கத்த ஆரம்பிக்குது, ஆக்சிலேட்டர்ல காலே இல்லாம. மொத தடவை பயந்து ஓரம் கட்டிட்டேன். பெட்ரோல் வீணாகுதா?

டோனர் வோல்ட்

வணக்கம். நான் மதுரைக்காரன், இப்போ சேக்ரமெண்டோ பக்கம் இருக்கேன். என்கிட்ட 2014 ஷெவி வோல்ட். இங்கிருந்து ஐ-80 நெடுஞ்சாலையில டாஹோ போகணும்னா டோனர் உச்சியைத் தாண்டணும், ஏறக்குறைய 2200 மீட்டர். வோல்ட்ல இதுக்குன்னே மவுண்டன் மோட்னு ஒண்ணு இருக்கு. மலைக்கு இருபது நிமிஷம் முன்னாடியே அதைப் போட்டுடணும்னு கையேட்டுலயே எழுதியிருக்கு. பேட்டரியில பாதிக்குக் கொஞ்சம் கீழ ஒரு அளவை எப்பவும் ஒதுக்கி வச்சுக்கும்.

நான் ஒரு தடவை சோம்பேறித்தனமா அதைப் போடாம, பேட்டரியைக் காலி பண்ணிட்டு மலை ஏறினேன். பாதி ஏத்தத்துல உந்து சக்தி குறைக்கப்பட்டதுன்னு எச்சரிக்கை வந்துச்சு. நூத்துப் பத்துல போன வண்டி மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, பின்னாடி பதினெட்டுச் சக்கர லாரி. அதனால வத்தளை நண்பரே, மலையடிக்கு முடிஞ்ச அளவு பேட்டரியோட போங்க. ஸ்பானர் அண்ணன் சொல்றதை ஏத்துக்க முடியல.

பழைய ஸ்பானர்

வந்திட்டன். முதல்ல அக்வாத் தம்பிக்கு. பயப்பிடாதேங்கோ, பெற்றோல் எரியேல்லை. உங்கட பற்றரி ஒரு யூனிட்டுக்கும் குறைவு, அதிலயும் கார் பாவிக்க விடுறது ஒரு சின்னப் பங்குதான். 200, 300 மீற்றர் உயரம் இறங்கினாலே நிறைஞ்சிடும். நிறைஞ்ச பிறகு வாற மின்சாரத்தை என்ன செய்யிறது? ஜெனரேற்றரைக் கொண்டு எஞ்சினைச் சும்மா சுழட்டி அதில செலவழிக்கும். அதுதான் அந்தக் கத்தல். பழைய கியர் காரில செக்கண்ட் கியர் போட்டு இறங்கிற மாதிரி எண்டு வையுங்கோ. கத்த விடுங்கோ. சத்தத்துக்குப் பயந்து டி-க்கு மாத்தினீங்கள் எண்டால்தான் பிரேக் கருகும். பட்டன் எதையும் தொடாமல் ஓட்டு எண்டு சொன்னது உங்கட காருக்குச் சரி. அவ்வளவு சின்னப் பற்றரியைத் திட்டம் போட்டுச் சேமிக்க ஏலாது. கடற்காற்றின்ர பற்றரி புதுசில அதைப்போல பத்து மடங்குக்கு மேல, அதால கொஞ்சம் திட்டம் போடலாம்.

மதுரைத் தம்பி சொன்னது பொய்யில்லை. அவரின்ர மலை வேற, எங்கட மலை வேற, அவ்வளவுதான். ஆறு வீத ஏற்றத்தில மணிக்கு 110 கிலோமீற்றர் ஓடுறதுக்கு இந்தப் பாரமுள்ள காருக்கு சில்லில 60 கிலோவாட்டுக்கு மேல வேணும். வோல்ட் இதைவிடப் பாரம் குறைவுதான், ஆனால் அதின்ர எஞ்சின் 1.4 லீற்றர், அது தனியாத் தாக்குப்பிடிக்காது. மிச்சத்தைப் பற்றரிதான் போடோணும். பற்றரி முடிஞ்சால் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

கினிகத்தேனை ஏற்றத்தில ஆர் 110 ஓடுறது? முன்னால ஒரு லொறி, அதுக்கு முன்னால ஒரு பஸ், நீங்கள் 35. ஏற்றம் ஏழு வீதம் எண்டு வைச்சாலும் அந்த வேகத்துக்குத் தேவை கிட்டத்தட்ட 18 கிலோவாட். அவுட்லாண்டரின்ர ரெண்டு லீற்றர் எஞ்சினும் ஜெனரேற்றரும் அதைப்போல ரெண்டு மூண்டு மடங்கு தரும். பற்றரி மீற்றர் அடியில கிடந்தாலும் நீங்கள் ஹட்டன் போய்ச் சேருவீங்கள், சத்தம் கூட இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு விசயம், இதைக் கனபேர் கவனிக்கிறேல்லை. இந்த எஞ்சின் ஓரளவு பாரம் இழுக்கேக்கதான் பெற்றோலுக்கு ஏத்த வேலை தரும். கடுவெலையில 20 கிலோமீற்றர் வேகத்தில ஊர்ந்தால் அதுக்குத் தேவை மிகச் சின்னது, எஞ்சினுக்கு அது நட்டம். மலையில நிதானமா 18 கிலோவாட் இழுக்கிறது அதுக்குப் பிடிச்ச வேலை. அதால எங்கட நாட்டில முறை தலைகீழ். சமவெளியில ஊர்ந்து போற இடத்தில பற்றரியைச் செலவழியுங்கோ, மலையை எஞ்சினிட்ட குடுங்கோ. பற்றரியில ஒரு பங்கை மட்டும் பஸ்ஸை வெட்டி ஓடுறதுக்கு மிச்சம் பிடியுங்கோ. அந்த அஞ்சு செக்கனுக்குத்தான் எஞ்சின் மட்டும் காணாது.

நிலா

கணக்குப் பிள்ளை ஒருத்தி கேட்கிறேன். மலை ஏற மொத்தம் எவ்வளவு சக்தி தேவை, அதில் பற்றரி எவ்வளவு தரும் என்று சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை வரும். என்னிடமும் இதே கார் இருக்கிறது, கொழும்பு - காலி அடிக்கடி ஓடுவேன்.

பழைய ஸ்பானர்

கேளுங்கோ தங்கச்சி. கார், அஞ்சு பேர், சாமான் எல்லாம் சேர்த்து 2250 கிலோ எண்டு வைப்பம். நுவரெலியா 1868 மீற்றர். அந்தப் பாரத்தை அந்த உயரத்துக்குத் தூக்கிறதுக்கு மட்டும் பதினொண்டரை யூனிட் சில்லில வேணும். கித்துல்கலையிலிருந்து மேல போற தூரத்துக்கு தயர் உராய்வு, காத்துத் தடை எண்டு இன்னொரு ஆறு யூனிட் மட்டில. மொத்தம் 17, 18.

பற்றரி புதுசில 12 யூனிட். அதையும் முழுக்கப் பாவிக்க விடாது. மீற்றர் காலி எண்டு காட்டேக்க உள்ளுக்கு 30 வீதம் கிடக்கும். அப்ப புதுப் பற்றரியிலயே கைக்கு வாறது எட்டு யூனிட் சொச்சம். கடற்காற்று, உங்கடது பத்து வருசம் தாண்டினது. காரின்ர கம்ப்யூட்டரை வாசிக்கிற ஓபிடி டொங்கிள் ஒண்டு கொழுவி, பற்றரியின்ர கொள்ளளவு எத்தனை ஆம்பியர் மணி காட்டுது எண்டு பாருங்கோ. புதுசில 38.

வத்தளைக் கடற்காற்று

நண்பன்ட டொங்கிள் இரவல் வாங்கிப் பார்த்தன். 27 காட்டுது. விக்கிறவன் பற்றரி புதுசு மாதிரி எண்டுதானே சொன்னவன்...

பழைய ஸ்பானர்

இந்த வயசுக்கு 27 மோசமில்லை. எட்டு யூனிட் பற்றரி எண்டு வையுங்கோ, பாவிக்கக்கூடியது அஞ்சரை. அப்ப முழுச் சார்ஜோட மலையடிக்குப் போனாலும் மலையில மூண்டில ஒரு பங்கைத்தான் அது தரும். அதுக்காக வத்தளையிலிருந்து எஞ்சினை இரைய விட்டு ஏத்தினது வீண்.

சார்ஜ் பட்டனின்ர கணக்கையும் சொல்லிவிடுறன். ஒரு லீற்றர் பெற்றோல் நல்லா ஓடுற எஞ்சினில ஏறக்குறைய மூண்டு யூனிட் வேலை தரும். அதை நேர சில்லுக்குக் குடுத்தால் மூண்டு. ஜெனரேற்றருக்குக் குடுத்து, பற்றரிக்குள்ள ஏத்தி, திரும்ப இறக்கி மோட்டாருக்குக் குடுத்தால் ரெண்டரைக்கும் கீழ. ஐஞ்சில ஒரு பங்கு சூடாப் போகும். நிப்பாட்டி வைச்சுச் சார்ஜ் பட்டனை அமுக்கிறது இன்னும் மோசம், எஞ்சினுக்கு வேற வேலையே இல்லை.

நிலா

மலைக் கணக்கு சரி. சார்ஜ் பட்டனில் மட்டும் உடன்பட மாட்டேன். அதிவேகப் பாதையில் 100இல் ஓடும்போது எஞ்சின் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கொஞ்சம் கூட இழுக்க வைத்தால் அந்த மின்சாரம் கிட்டத்தட்ட இலவசம். கொட்டாவையில் ஏறியதும் சார்ஜ் அமுக்குவேன், காலியில் இறங்கும்போது பற்றரி நிறைந்திருக்கும், ஊருக்குள் எஞ்சின் இல்லாமல் ஓடுவேன்.

பழைய ஸ்பானர்

இலவசம் எண்டு ஒண்டுமில்லை தங்கச்சி. எஞ்சின் ஓடிறது வேற, எரிக்கிற அளவு வேற. 100இல் அதுக்கு ஏற்கெனவே 18 கிலோவாட் மட்டில வேலை இருக்கு, கிளட்ச் பூட்டி நேர சில்லோட ஓடிக்கொண்டிருக்கும். அது ஏற்கெனவே நல்ல நிலை. அதுக்கு மேல சார்ஜுக்கு எண்டு பாரம் ஏத்தினால் அதுக்கும் பெற்றோல் வேணும்.

என்ர யோசனை இது. வீட்டில சார்ஜ் போட்டு வெளிக்கிடுங்கோ. கொட்டாவை மட்டும் மின்சாரத்தில ஓடுங்கோ. பாதைக்கு ஏறினதும் சேவ். 100இல் மின்சாரத்தில மட்டும் ஓடினால் புதுப் பற்றரியே 35 கிலோமீற்றர் சொச்சத்தில முடிஞ்சிடும், பழசு 25இல. அந்த வேகம் எஞ்சினுக்கு ஏத்தது, மின்சாரத்தை அங்க கொட்டாமல் காலி ஊருக்குள்ள பாவியுங்கோ.

நிலா

நான் வீட்டில் சார்ஜ் போட முடியாதவள், மாடி வீடு. அப்போது சேவ் பண்ண என்ன இருக்கிறது? ஊருக்குள் காலி பற்றரியோடு போனால் அதே எஞ்சின் நீங்கள் சொன்ன நட்ட வேலையைத்தான் செய்யும், ஊர்ந்துகொண்டே. அதற்குப் பாதையில் ஏற்றிக்கொண்டு போவது மேல் இல்லையா?

பழைய ஸ்பானர்

ம். அந்த நிலைமையில நான் அடிச்சுச் சொல்ல மாட்டன். ஐஞ்சில ஒண்டு நட்டமும் ஊருக்குள்ள எஞ்சின்ர நட்டமும் ஒண்டுக்கொண்டு கிட்டக் கிட்ட வரும். நெரிசல் கூட எண்டால் நீங்கள் வெல்லலாம், ஊர் வெறிச்செண்டு கிடந்தால் நான். நீங்கள் அளந்து பார்த்தனீங்களோ?

நிலா

இரண்டு முறை டாங்கி நிரப்பி நிரப்பிப் பார்த்தேன். ஒரு முறை சார்ஜ் வென்றது, மறுமுறை தோற்றது. மறுமுறை மழையும் நல்ல காற்றும். ஏசியும் கூடப் போட்டிருந்தேன். ஆக, எதுவும் நிரூபணமாகவில்லை.

டோனர் வோல்ட்

இதுக்குத்தான் வோல்ட்ல ஹோல்டுன்னு மட்டும் வச்சு, கெட்டியா சார்ஜ் பண்ற பட்டனே வைக்கலை. ஹோல்ட் இருக்குறதைக் காப்பாத்தும், சேர்க்காது. மவுண்டன் மோடுதான், அதுவும் அந்த ஒதுக்கு அளவு வரைக்கும் மட்டும் ஏத்தும்.

ஸ்பானர் அண்ணே, 35-ல ஏறுற மலைங்கிறதை நான் யோசிக்கவே இல்லை. கொடைக்கானல் காட் ரோட்ல அப்பாவோட மாருதியில போன ஞாபகம் இப்பத்தான் வருது, அதுவும் முப்பதைத் தாண்டாது. ஒத்துக்கிறேன்.

ஹட்டன் அக்வா

ஸ்பானர் அண்ணே, நன்றி. இன்னைக்கு பி-லயே விட்டு இறங்கினேன், கத்துச்சு, நானும் பாட்டைக் கூட்டி வச்சுக்கிட்டேன்.

கடற்காற்று அண்ணே, வர்றப்ப வட்டவளை பக்கம் மூடுபனி இருக்கும். அங்க எதையும் வெட்டி ஓட்டாதீங்க.

வத்தளைக் கடற்காற்று

சரி, இறக்கத்துக்கும் ஒரு கணக்குச் சொல்லிவிடுங்க அண்ணே. உச்சியில எவ்வளவு காலியா வச்சிருக்கோணும்? பாதி போதுமா?

பழைய ஸ்பானர்

நுவரெலியாவிலிருந்து கம்பளை மட்டும் 1400 மீற்றர் சொச்சம் இறங்கிறீங்கள். உயரத்தில இருக்கிற சக்தி எட்டரை யூனிட். கேக்கப் பெரிசு. ஆனால் அறுபது கிலோமீற்றர் தயர் உருளுறதுக்கும் காத்துக்கும் அஞ்சு யூனிட் போகும். மிச்சம் மூண்டரையில மோட்டார், பற்றரி, இடையில நீங்கள் மிதிக்கிற பிரேக் எண்டு கழிச்சால் பற்றரிக்குள்ள போறது ரெண்டரைக்குக் கொஞ்சம் குறைய. உங்கட எட்டு யூனிட் பற்றரியில அது மூண்டில ஒரு பங்குக்குக் கிட்ட. புதுப் பற்றரிக்காரருக்கு ஐஞ்சில ஒரு பங்கு காணும், பழசுக்கு அதே தண்ணி, குடம் மட்டும் சின்னன்.

அதால வெளிக்கிடேக்க டொங்கிளில 60 வீதத்துக்கு மேல இருக்க வேண்டாம். இரவு முழுக்கச் சார்ஜ் போடாமல் ஒரு மணித்தியாலம் மட்டில போட்டுப் பிளக்கைக் கழட்டுங்கோ. இல்லை கூடிப்போச்செண்டால் விடிய கிரெகரி வாவியைச் சுத்தி, ஊருக்குள்ள ஓடிச் செலவழிச்சுப்போட்டு இறங்குங்கோ. இறங்கேக்க பி5, பிறகு வளைவுக்கு ஏத்த மாதிரி ஸ்டியரிங்குக்குப் பின்னால இருக்கிற துடுப்பால பி3, பி4. பிடிப்புக் குறையுது எண்டு காலில தெரிஞ்சால் பற்றரி நிறையுது எண்டு அர்த்தம். வேகத்தை முதலே குறையுங்கோ. பிரேக்கைத் தேய்ச்சுக்கொண்டே இருக்காமல் அழுத்தி மிதிச்சு விடுங்கோ.

ஏறேக்க: வத்தளையிலிருந்து ஒரு பட்டனும் வேண்டாம். மீற்றர் பாதிக்குக் கிட்டக் குறையேக்க சேவ். அப்பிடியே நானுஓயா மட்டும். அங்க விட்டுவிடுங்கோ, கடைசித் துண்டு மின்சாரத்தில போகட்டும். ஒரு கவனம், வழியில நிப்பாட்டிக் காரை ஓஃப் பண்ணினால் சேவும் விட்டுப்போகும். திரும்ப ஸ்டார்ட் பண்ணினதும் இன்னொருக்கா அமுக்கோணும். கனபேர் கித்துல்கலையில சாப்பிட்டுப்போட்டு அமுக்க மறந்து, கினிகத்தேனையில மீற்றர் காலி எண்டு எனக்குக் கோல் எடுக்கிறவை.

பெட்போட் மாமா

பட்டன், துடுப்பு, டொங்கிள். எங்கட அப்பாவுக்கு ஒரு கட்டையும் கல்லும் போதும், பின் சில்லுக்கு வைக்க.

வத்தளைக் கடற்காற்று (மூன்று கிழமை கழித்து)

போய் வந்திட்டம். எழுதாம விட்டா நல்லாயிருக்காது.

போகேக்க: வத்தளையில 100. ஹங்வெல்லை வரேக்க டொங்கிளில 55, மீற்றரில பாதிக்கும் குறைய. அங்க சேவ் அமுக்கினன். சேவ் எண்டா எஞ்சின் ஒரேயடியா ஓடும் எண்டு நினைச்சிருந்தன், அப்பிடியில்லை. மெல்லப் போகேக்க நிக்குது, பிறகு ஓடி எடுத்ததைத் திருப்பி வைக்குது. கித்துல்கலையில சாப்பாடு. காரை எடுத்ததும் மகள்தான் "அப்பா, சேவ்" எண்டு ஞாபகப்படுத்தினாள். கினிகத்தேனை ஏற்றத்தில ஒரு தனியார் பஸ்ஸை வெட்டினன். 55 இருந்தது 52 ஆகி, அடுத்த ரெண்டு வளைவுக்குள்ள திரும்ப 55 ஆச்சு. எஞ்சின் சத்தம் டிசம்பரைவிடக் குறைவு எண்டுதான் எனக்குப் பட்டது. நானுஓயாவில விட்டன், ஹோட்டல் வாசலில 41.

இறங்கிற அண்டைக்கு ஒரு மணித்தியாலம் மட்டில சார்ஜ் போட்டு, காலையில ஊருக்குள்ள கொஞ்சம் ஓடி, வெளிக்கிடேக்க 52. பி5. றம்பொடையில நிப்பாட்டிப் பார்த்தன், 75. அங்கிருந்து கம்பளை மட்டும் ஏறினது நாலே நாலுதான், 79இல நிண்டது. புசல்லாவைப் பக்கம் ஏற்ற இறக்கமா இருக்கிறதால வந்ததைத் திருப்பித் தின்னுது. பிரேக் மணம் இல்லை. றம்பொடையில சில்லுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தன், இளஞ்சூடு.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். விடிய ஹோட்டலால வெளிக்கிடேக்க பற்றரி பாதிக்கு மேல, நானும் மெல்லத்தான் மிதிச்சன், ஆனாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி அஞ்சு, ஆறு நிமிஷம் ஓடிச்சு. ஏன்?

பழைய ஸ்பானர்

ஹீற்றர் போட்டனீங்களோ?

வத்தளைக் கடற்காற்று

குளிர் அண்ணே, மனிசி போட்டிருப்பா.

பழைய ஸ்பானர்

அப்ப அதுதான். மின்சார ஹீற்றர் பூட்டாத காரில சூட்டுக்கு எஞ்சின்ர தண்ணிதான் வேணும். வத்தளையில ஒருநாளும் ஹீற்றர் போட்டிருக்க மாட்டீங்கள், அதால தெரியாமல் போச்சு. சீற் சூடாக்கிறது இருந்தால் அதைப் போடுங்கோ, அது பற்றரியில ஓடும்.

நிலா

நான் இந்த மாதம் மழையில்லாத நாளாகப் பார்த்து காலிக்கு மீண்டும் இரண்டு ஓட்டம் ஓடப்போகிறேன். ஒன்று சார்ஜ், ஒன்று தொடாமல். ஏசி 25, ஒரே பெற்றோல் செட், ஒரே பம்ப். ஸ்பானர் அண்ணா, தோற்றால் என்ன தருவீர்கள்?

பழைய ஸ்பானர்

ஒரு ஏசி ஃபில்டர் சும்மா மாத்தித் தாறன். கூலி இல்லை, சாமான் காசு உங்கட.